பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு மார்ச் 31 அன்று என்ன விலை?

கேள்வி: அண்ணாச்சி, பாளையங்கோட்டையில எங்க தெருவுல நாலு வீடு பூட்டியே கிடக்கு. சொந்தக்காரங்கள்லாம் சென்னையிலயும் வெளிநாட்டுலயும் இருக்காங்க. வயலு, நகைன்னு வேற கிடக்கு. வருமான வரின்னு பார்த்தா இதுக்கெல்லாம் ஒண்ணும் கிடையாது, மாசச் சம்பளக்காரன் நான்தான் கட்டிக்கிட்டு இருக்கேன். வருமானத்த விட்டுட்டு சொத்து மதிப்பு மேலேயே வருஷா வருஷம் வரி போட்டா என்ன? கைடுலைன் வேல்யூதான் இருக்கே, மதிப்புப் போடுறதுல அப்படி என்ன கஷ்டம்?

பதில்:

போட்டுப் பார்த்தாயிற்று தம்பி, ஐம்பத்தெட்டு வருஷம். நிக்கோலஸ் கால்டார் என்ற கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் 1956-ல் இந்திய வரிமுறை பற்றி ஒரு அறிக்கை கொடுத்தார். வருமானத்தை மட்டும் பார்த்தால் ஒருவருடைய வரி கட்டும் சக்தி தெரியாது, சொத்தையும் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். நீங்கள் கேட்பதும் அதேதான். மறு ஆண்டே, டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்தபோது, செல்வ வரிச் சட்டம் வந்தது. 2015 பட்ஜெட்டில் அருண் ஜெட்லி அதை எடுத்தார். 2013-14-ல் நாடு முழுக்க அந்த வரியில் வந்த தொகை 1,008 கோடி ரூபாய் என்று அவரே பட்ஜெட் உரையில் சொன்னார். இவ்வளவு பெரிய நாட்டில் ஏன் அவ்வளவுதான் தேறியது என்பதற்கான விடையில் பெரும்பகுதி உங்கள் கடைசி வரியில் இருக்கிறது.

வருமான வரிக்கும் செல்வ வரிக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் விகிதத்தில் இல்லை. சம்பளமோ வாடகையோ வட்டியோ வரும்போது பணம் கைமாறுகிறது. எவ்வளவு என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை, கொடுத்தவர் கணக்கிலும் வாங்கியவர் கணக்கிலும் ஒரே தொகை நிற்கும். வீட்டின் விலை ஏறியதற்குக்கூட விற்கிற அன்றுதான் வரி, அன்றைக்கு ஒரு நிஜமான விலை பத்திரத்தில் எழுதப்படுகிறது. செல்வ வரியில் எதுவும் கைமாறுவதில்லை. ஒவ்வொரு ஆண்டும் மார்ச் 31 அன்று, நடக்காத ஒரு விற்பனையைக் கற்பனை செய்து, அதற்கு ஒரு விலையும் எழுத வேண்டும். எழுதுவது சொத்துக்காரர். ஒப்புக்கொள்ள வேண்டியது அதிகாரி.

உங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீட்டையே எடுத்துக்கொள்வோம். தொகைகள் உதாரணத்துக்காக நான் வைத்தவை, விதிகள் நிஜமானவை. 1960-களில் கட்டிய வீடு, 6 சென்ட், காலி இடம் அதிகம் இல்லை. சென்ட் 15 லட்சம் என்றால் சந்தை விலை 90 லட்சம். உரிமையாளருக்குச் சென்னையில் இன்னொரு வீடு இருக்கிறது, ஒரு வீட்டுக்கான விலக்கை அதற்கு எடுத்துக்கொண்டார். ஆகவே இந்த வீடு வரிக்குள் வருகிறது.

அதிகாரிக்கு அதிகாரி விலை மாறக்கூடாது என்று செல்வ வரிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ஒரு சூத்திரம் கொடுத்திருந்தார்கள். வாடகைக்கு விடாத வீடு என்றால் மாநகராட்சிப் பதிவேட்டில் உள்ள ஆண்டு மதிப்பை எடுக்க வேண்டும். அது 96,000 என்று வைப்போம். அதில் வீட்டுத் தீர்வை 9,600 கழியும். பராமரிப்புக்காக 15 சதவீதம், அதாவது 14,400, கழியும். மீதி 72,000. இதை 12.5-ஆல் பெருக்கினால் வீட்டின் மதிப்பு: 9 லட்சம்.

90 லட்சம் எங்கே, 9 லட்சம் எங்கே? இதில் யாரும் பொய் சொல்லவில்லை. 12.5-ஆல் பெருக்குவது என்றால், வீட்டின் விலையில் நூற்றுக்கு 8 பங்கு ஆண்டு வாடகையாக வரும் என்று சட்டம் நினைக்கிறது என்று பொருள். நம் உதாரண வீட்டை இன்று வாடகைக்கு விட்டால் மாதம் 15,000 வரும் என்றால், ஆண்டுக்கு 1,80,000. அது 90 லட்சத்தில் வெறும் 2 சதவீதம். விலை, வாடகையை விட்டு வெகுதூரம் ஓடிவிட்டது. பதிவேட்டில் உள்ள ஆண்டு மதிப்போ அந்த வாடகையைக்கூட எட்டிப் பிடிக்கவில்லை. பழைய எண் ஒன்றைப் பழைய பெருக்கலால் பெருக்கினால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

இப்போது பக்கத்து வீட்டைப் பாருங்கள். அதே அளவு, அதே காலத்து வீடு, அதுவும் இரண்டாவது வீடுதான். ஆனால் 2010-ல் 50 லட்சத்துக்கு விலைக்கு வாங்கியது. 31.3.1974-க்குப் பிறகு வாங்கிய அல்லது கட்டிய வீடு என்றால், சூத்திரம் தரும் மதிப்பைவிட அடக்க விலை அதிகமாக இருந்தால் அடக்க விலையையே எடுக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஒரே சுவரின் இந்தப் பக்கம் 9 லட்சம், அந்தப் பக்கம் 50 லட்சம். பாட்டன் சொத்தாக வந்தவருக்குக் குறைவு, உழைத்து வாங்கியவருக்கு அதிகம். நீங்கள் எந்த அநியாயத்தைச் சரிசெய்யக் கேட்டீர்களோ, அதையே வரி புதிதாக உண்டாக்குகிறது.

நம் ஊர் அதிகாரிகளின் கைவரிசை என்று இதை நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் செல்வ வரி கவிழ்ந்ததே இந்த இடத்தில்தான். அங்கே நிலமும் வீடும் 1964-ஆம் ஆண்டு மதிப்பில் கணக்கிடப்பட்டன. வங்கி வைப்பும் பங்குகளும் அன்றைய விலையில் கணக்கிடப்பட்டன. ஒரே அளவு செல்வம் உள்ள இருவரை இப்படி இரண்டு அளவுகோலால் அளப்பது சமத்துவத்துக்கு முரணானது என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 1995 ஜூனில் தீர்ப்பளித்தது. எல்லா நிலத்தையும் புதிதாக மதிப்பிடும் வேலையை அரசு எடுத்துக்கொள்ளவில்லை. 1997 முதல் அந்த வரி வசூலிக்கப்படவில்லை.

சரி, சூத்திரம் வேண்டாம், கைடுலைன் வேல்யூவை வைத்துக்கொள்வோம் என்கிறீர்கள். 2017 ஜூனில் தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். வழிகாட்டி மதிப்பு ஒரே உத்தரவில் 33 சதவீதம் குறைக்கப்பட்டது, பதிவுக் கட்டணம் 1-லிருந்து 4 சதவீதமாக உயர்ந்தது. 60 லட்சம் என்று பட்டியலில் இருந்த வீடு மறுநாள் ஏறத்தாழ 40 லட்சம். 2023 ஏப்ரலில் மறுபடி பழைய அளவுக்கே கொண்டுபோனார்கள், பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாக்கினார்கள். நடுவே அந்த வீட்டில் ஒரு செங்கல்கூட அசையவில்லை. பத்திரப் பதிவு வருவாய்க்காகவும் மனை வியாபாரத்தின் நிலையைப் பார்த்தும் அரசு ஏற்றி இறக்கும் எண் அது. பத்திரப் பதிவுக்கு அது போதும். ஒருவருடைய செல்வத்தை ஆண்டுதோறும் அளக்க அதை எடுத்தால், அளவுகோலே ஒரு உத்தரவில் நீண்டு சுருங்கும்.

இன்னொன்றும் உண்டு. வழிகாட்டி மதிப்பு தெருவுக்கோ சர்வே எண்ணுக்கோ போடப்படுகிறது. அந்தத் தெருவில் முனை வீடு எது, முட்டுச்சந்து எது, நாலு அண்ணன் தம்பிகளுக்குள் பாகப்பிரிவினை வழக்கில் கிடக்கும் வீடு எது என்று பட்டியலுக்குத் தெரியாது. விற்கும்போது இது பெரிய சிக்கல் இல்லை. பத்திரத்தில் காட்டிய மதிப்பு குறைவு என்று சார்பதிவாளர் நினைத்தால் முத்திரைச் சட்டத்தின் 47-அ பிரிவில் தனித்துணை ஆட்சியருக்கு அனுப்புவார். வருமான வரியிலும், விற்ற விலை முத்திரைத் தீர்வைக்கான மதிப்பைவிடக் குறைந்திருந்தால், 10 சதவீதம் வரையான வித்தியாசத்தை விட்டுவிடுவார்கள். அதற்கு மேல் போனால் துறையின் மதிப்பீட்டு அதிகாரியிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். ஒரு சொத்துக்கு முப்பது நாற்பது வருஷத்தில் ஒரு தடவை நடக்கும் சண்டை இது. செல்வ வரியில் இதே சண்டை எல்லாச் சொத்துக்கும், விற்காத வீட்டுக்கும், ஒவ்வொரு மார்ச்சிலும் வரும்.

அடுத்து வயல். தாமிரபரணிப் பாசனத்தில் 2 ஏக்கர் நஞ்சை, கார், பிசானம் இரண்டு பூவும் விளைகிறது என்று வைப்போம். குத்தகை ஆண்டுக்கு 40,000. நெல் விளையும் நிலமாக மட்டும் பார்த்தால் அதன் விலை ஒன்று. நாற்கரச் சாலைப் பக்கம் பிளாட் போட்டிருப்பதைப் பார்த்து, இதுவும் ஒருநாள் பிளாட் ஆகும் என்று நினைத்து விலை கேட்பவருக்கு அது வேறொன்று. ஏக்கர் 40 லட்சம் என்று இரண்டாவது விலையை எடுத்தால் 80 லட்சம், 1 சதவீதம் வரி 80,000. குத்தகையைப் போல இரண்டு மடங்கு! விவசாயம் செய்துகொண்டே அந்த வரியைக் கட்ட முடியாது, வருஷத்துக்கு இரண்டு சென்ட் விற்றால்தான் முடியும். இரண்டு சென்ட் வயலை யார் வாங்குவார்? பிளாட்காரர்தான். வயலாக இருக்கும் நிலத்தைப் பிளாட் விலையில் மதிப்பிட்டால் அந்த மதிப்பே அதைப் பிளாட் ஆக்கிவிடும்.

1969-ல் விவசாய நிலத்தையும் செல்வ வரிக்குள் கொண்டுவந்தார்கள். மத்திய அரசுக்கு அந்த அதிகாரம் உண்டா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1971-ல் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் செல்லும் என்று தீர்ப்பானது. தீர்ப்பில் ஜெயித்த பிறகும் அரசு பின்னால் வயலை விட்டுவிட்டது. ஊர்ப்புற வயல் போனாலும் நகர எல்லைக்குள் உள்ள நிலத்தில் தகராறு தொடர்ந்தது. மாநகராட்சிக்கு உள்ளேயும் அதைச் சுற்றி அறிவிக்கப்பட்ட தூரம் வரையும் உள்ள மனை ‘நகர்ப்புற நிலம்’. அதில் வயலும் அடங்குமா என்ற கேள்வி நெடுநாள் நின்றது. அரசுப் பதிவேட்டில் விவசாய நிலமாக இருந்து, விவசாயமும் நடந்தால் அடங்காது என்று 2013-ல்தான், அதுவும் 1993 முதல் செல்லும்படி, சட்டத்தில் எழுதினார்கள். இருபது வருஷத்துக் குழப்பத்தை வரி சாவதற்கு இரண்டு வருஷம் முன்னால் தீர்த்தார்கள்.

நகைக்கு வருவோம். தங்கத்துக்குத் தினசரி விலை இருக்கிறதே, அதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். எடை தெரிந்தால் கஷ்டமில்லைதான். 5 லட்சத்துக்கு மேல் என்றால் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். ஒவ்வொரு வருஷமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்று, ஒரு முறை போட்ட மதிப்பை அடுத்த நான்கு வருஷத்துக்கு எடுத்துக்கொண்டு, தங்கம் வெள்ளி விலையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. அந்தச் சட்டத்தில் நடைமுறை தெரிந்து எழுதிய பகுதிகளில் இது ஒன்று. கல் வைத்த நகைதான் தொல்லை. கடையில் வாங்கும்போது செய்கூலி, சேதாரம், கல்லுக்கு ஒரு விலை. அதே கடையில் திருப்பிக் கொடுத்தால் கல்லைக் கழித்து, தங்கத்துக்கு மட்டும் விலை. இதில் எது சந்தை விலை? மதிப்பீட்டாளர் எப்போதும் இரண்டாவதைத்தான் எழுதுவார். எழுதச் சொன்னதும் பணம் கொடுத்ததும் நகைக்காரர்தானே.

பெரிய ஓட்டை விலையில் இல்லை, எண்ணிக்கையில். பீரோவுக்குள் எத்தனை பவுன் இருக்கிறது என்று சோதனை போடாமல் யாருக்கும் தெரியாது. 1994 மே மாதத்தில் நேரடி வரிகள் வாரியம் தன் அதிகாரிகளுக்கு ஒரு அறிவுறுத்தல் அனுப்பியது. சோதனையின்போது திருமணமான பெண்ணுக்கு 500 கிராம், திருமணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரை நகையைப் பறிமுதல் செய்ய வேண்டாம் என்ற கணக்கு அதில் வந்ததுதான். அதே அறிவுறுத்தலின் முதல் பகுதி, செல்வ வரி கட்டுபவர் என்றால் அவர் படிவத்தில் காட்டிய எடைக்கு மேல் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். 500 கிராம் என்றால் அறுபத்திரண்டரைப் பவுன். அதுவரை காட்டினாலும் காட்டாவிட்டாலும் நகை பத்திரமாக இருக்கிறது என்றால், காட்டி வரி கட்ட எத்தனை பேருக்கு மனசு வரும்?

வியாபாரச் சொத்துதான் இருப்பதிலேயே கடினம். ஒரு அல்வாக் கடையைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக நினைத்துக்கொள்ளுங்கள். அண்டா, அடுப்பு, மாவரைக்கும் இயந்திரம், வாடகை முன்பணம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் புத்தகத்தில் 12 லட்சம். ஆண்டு லாபம் 40 லட்சம். அந்தக் கம்பெனியின் பங்கு மார்ச் 31 அன்று என்ன விலை? பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனிக்குப் பழைய விதி, புத்தகச் சொத்திலிருந்து கடனைக் கழித்து, வருவதில் 80 சதவீதம் என்றது. கடன் இல்லையென்றால் 9,60,000. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு தெருவை அடைத்து வரிசை நிற்கும் கடைக்கு இது விலையா? அந்தக் கடையின் சொத்து அதன் பேரிலும் கைப்பக்குவத்திலும் இருக்கிறது, புத்தகத்தில் இல்லை. லாபத்தைப் பெருக்கி மதிப்பிடலாம் என்றால் 5-ஆல் பெருக்கினால் 2 கோடி, 15-ஆல் பெருக்கினால் 6 கோடி. எந்த எண் சரி என்பதை, யாராவது அந்தக் கடையை நிஜமாக விலைக்கு வாங்கும்வரை, யாராலும் நிரூபிக்க முடியாது. பங்குகள், தொழிலில் போட்ட பணம் எல்லாவற்றையும் 1993-ல் வரியிலிருந்து விலக்கியதற்கு, தொழில் முதலீட்டை ஊக்குவிப்பது என்று காரணம் சொன்னார்கள். இந்தச் சண்டையிலிருந்து தப்பியதும் கூடவே கிடைத்த லாபம்.

தினசரி விலை உள்ள பங்குகளிலும் ஒரு சிக்கல் உண்டு. சென்செக்ஸ் 2020 மார்ச் 31 அன்று சுமார் 29,500, அடுத்த மார்ச் 31 அன்று சுமார் 49,500. ஒரே பங்குகளை அசைக்காமல் வைத்திருந்தவரின் ‘செல்வம்’ மூன்றில் இரண்டு பங்கு கூடியது. எந்த நாளை அளக்கும் நாளாக வைத்தோம் என்பதே வரியில் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது.

இனி உங்கள் தெரு வீட்டுக்காரரின் மொத்தக் கணக்கைப் போடுவோம். பூட்டிய வீடு, 2 ஏக்கர் வயல், 80 பவுன் நகை, ஒரு கடையில் பங்கு. பவுன் 60,000 என்றால் நகை 48 லட்சம். சட்டத்தின் கடைசி ஆண்டுகளில் இருந்த விதிப்படி வயல் விலக்கு, பங்கு விலக்கு. வீடு 9 லட்சம், நகை 48 லட்சம், ஆக 57 லட்சம். 30 லட்சம் வரை வரி இல்லை. மீதி 27 லட்சத்துக்கு 1 சதவீதம், 27,000 ரூபாய். அதுவும் நகையை ஒழுங்காகக் காட்டினால். காட்டாவிட்டால் வீடு மட்டும் 9 லட்சம், வரி சூன்யம். கோடிக்கணக்கில் சொத்துள்ளவரிடம் நேர்மையின் விலை 27,000, மறைப்பவருக்கு ஒன்றும் இல்லை. இந்த 27,000-க்கு நகை மதிப்பீட்டாளர் கட்டணம், ஆடிட்டர் கட்டணம், துறையின் பக்கம் கோப்பைப் பார்க்கும் அதிகாரியின் நேரம், தகராறானால் மேல்முறையீடு. அதனால்தான் ஜெட்லி, செலவு அதிகம் வரவு குறைவு என்று சொல்லி அதை எடுத்துவிட்டு, ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீதம் கூடுதல் சர்சார்ஜ் போட்டார். அந்த ஒரு கோடியை யாரும் மதிப்பிட வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், அந்த சர்சார்ஜ் உங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீட்டைத் தொடவே இல்லை. அதற்கு என் கருத்து, விலையைத் தேடுவதை விட்டு வாடகையைத் தேடலாம் என்பது. வீட்டு விலை அந்தத் தெருவில் பத்து வருஷத்துக்கு ஒருமுறை தெரிய வரும், அதிலும் பாதி கறுப்பில் போகும். வாடகை எத்தனையோ வீடுகளில் மாசாமாசம் கைமாறுகிறது, பக்கத்து வீட்டைக் கேட்டால் தெரியும். வருமான வரிச் சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. ஒருவர் தன் வசத்தில் வைத்திருக்கும் வீடுகளில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் உள்ளவற்றை வாடகைக்கு விட்டதாகவே பாவித்து, வரக்கூடிய வாடகைக்கு வரி போடுகிறார்கள். முன்பு ஒரு வீட்டுக்குத்தான் விலக்கு. 2019-20 முதல் அதை இரண்டாக்கினார்கள். சென்னையில் ஒன்று, பாளையங்கோட்டையில் ஒன்று என்று வைத்திருப்பவர் அதில்தான் தப்பினார்.

பழையபடி ஒரு வீட்டுக்கு மட்டும் விலக்கு என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். மாதம் 15,000 வீதம் ஆண்டுக்கு 1,80,000. கட்டிய வீட்டுத் தீர்வை 9,600 போக 1,70,400. அதில் 30 சதவீதம் நிலைக் கழிவு போக 1,19,280. உரிமையாளர் 30 சதவீத அடுக்கில் இருந்தால் வரி 35,784, மேல்வரி தனி. செல்வ வரிச் சூத்திரம் அந்த வீட்டுக்குத் தந்த 9 லட்சம் மதிப்புக்கு 1 சதவீதம் போட்டிருந்தால்கூட 9,000-தான். இவ்வளவுக்கும் மதிப்பீட்டாளர் யாரும் வேண்டாம், தங்கம் என்ன விலை என்று பார்க்கவும் வேண்டாம். அதே தெருவில் வாடகைக்கு இருப்பவர்கள் மாதம் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும்.